42 எழுத்து, நாலரை வினாடி

ஒரு பெண் நள்ளிரவில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கையில் பெட்டி. கதவு திறக்கிறது. அவள் உள்ளே வருவதற்கு முன்பே பேச ஆரம்பிக்கிறாள், அதுவும் மூச்சுவிடாமல். நான் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலப் படத்தில் வரும் காட்சி இது. பெயர் சொல்ல எனக்கு அனுமதியில்லை, வசனத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நான் அரை நாள் மல்லுக்கட்டியது உண்மை.

அவள் சொன்னதை எதையும் விடாமல் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"இங்கே பார், நீ வீட்டை விற்றுவிட்டாய் என்பதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், நான் இப்படிப் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து நின்றிருக்க மாட்டேன்."

மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் இதில் குறையில்லை. சப்டைட்டிலாகப் பார்த்தால் உருப்படாது. இடைவெளிகளையும் சேர்த்து 147 எழுத்து என்கிறது மென்பொருள். (அது எதை எழுத்து என்கிறது என்பது தனிக்கதை, பின்னால் வருகிறேன்.) எனக்குக் கொடுத்திருந்த விதிகள் வழக்கமானவைதான்: ஒரு சப்டைட்டிலில் அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, வாசிப்பு வேகம் வினாடிக்கு 17 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அவள் பேசி முடிக்க எடுத்துக்கொள்வது நாலரை வினாடி. 147ஐ 4.5ஆல் வகுத்தால் வினாடிக்கு 32க்கு மேல். பார்வையாளர் பாதி வரியில் இருக்கும்போதே வரி மறைந்துவிடும்.

முதலில் தோன்றுவது நேரத்தை நீட்டலாமே என்பது. கூட ஒரு வினாடி கிடைத்தால் நிம்மதிதான். ஆனால் பின்பக்கம் நீட்ட வழியில்லை, அவள் முடித்த உடனே தம்பி பதில் சொல்லிவிடுகிறான். முன்பக்கமும் முடியாது, அவள் வாய் திறப்பதற்கு முன்னால் வரி வந்தால் கதவு திறக்கும் அந்த நொடியே பாழ். ஆக நாலரை வினாடிதான். 17ஆல் பெருக்கினால் 76. 147ஐ 76க்குள் கொண்டுவர வேண்டும், அதாவது பாதியை வெட்ட வேண்டும்.

வெட்டுவதென்றால் கடைசியிலிருந்து நறுக்குவது இல்லை. திரை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். "பெட்டி படுக்கையோடு" போகலாம், பெட்டி அவள் கையிலேயே இருக்கிறது. "இங்கே" போகலாம், அவள் நிற்பது வாசலில். "இங்கே பார்" போகலாம், அது அவள் குரலிலேயே இருக்கிறது. அப்புறம் தமிழ் இனாமாகக் கொடுக்கும் ஒரு வசதி உண்டு. "மாட்டேன்" என்றாலே பேசுவது நான்தான் என்று தெரிந்துவிடும். "நான்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் புதியவர்களின் கோப்பில் நான் முதலில் தேடுவது இந்தத் தேவையில்லாத "நான்", "நீ", "அவன்"களைத்தான். வாக்கியத்துக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அதையெல்லாம் எடுத்தபின் கிடைத்தது:

வீட்டை விற்றதை அன்றே சொல்லியிருந்தால்,
இப்படி வந்து நின்றிருக்க மாட்டேன்.

மேல் வரி 38, கீழ் வரி 34. மொத்தம் 72, வினாடிக்குச் சரியாக 16. சரி, முடிந்தது என்று அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வீட்டை விற்றது யார்? இந்தக் காட்சிக்கு முன்பு வரை, வீடு கடனில் போய்விட்டது என்றுதான் படம் நம்மை நினைக்க வைத்திருக்கிறது. தம்பி விற்றான் என்பதே இந்த வசனத்தில்தான் வெளிவருகிறது. "விற்றுவிட்டாய்" என்பதை "விற்றதை" ஆக்கியபோது ஆள் காணாமல் போய்விட்டான். வினைமுற்று தன்னோடு ஆளைச் சுமந்துகொண்டு வரும். அதைத் தொழிற்பெயராகச் சுருக்கினால் சுமையை இறக்கி வைத்துவிடும். அதனால் நான் பெருமையாக எடுத்த "நீ"யைத் திரும்ப வைத்தேன். இரண்டு எழுத்து, ஒரு இடைவெளி. மேல் வரி 41 ஆனது, எல்லை 42. மொத்தம் 75, வேகம் 16.7.

இதைவிடச் சின்னதாகவும் ஒரு வழி இருந்தது. "நீ வீட்டை விற்றது தெரிந்திருந்தால்" என்று போட்டிருந்தால் மேல் வரி 35இல் முடிந்திருக்கும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்படவில்லை, நீ சொல்லவில்லையே என்று குற்றம்சாட்டுகிறாள். "சொல்லியிருந்தால்" போனால் சண்டையே போய்விடும். ஆறு எழுத்து மிச்சம் பிடிக்கப்போய்ப் பாத்திரத்தின் குணத்தை மாற்றிவிடக் கூடாது.

இப்போது அந்தத் தனிக்கதை. இந்தத் தொழிலில் நான் வாங்கிய முதல் அடி எழுத்தை எண்ணுவதில்தான். ஆரம்பத்தில் ஒரு நாற்பது நிமிட ஆவணப்படம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எண்ணினேன். "கி" ஒரு எழுத்து, "க்" ஒரு எழுத்து. எல்லாம் எல்லைக்குள் என்று நிம்மதியாக அனுப்பிவைத்தேன். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது, பாதிக்கு மேல் சிவப்பு. அவர்களுடைய மென்பொருள் யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. அதன் கணக்கில் "கி" என்பது க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. "க்" என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று.

```
>>> len("இருக்கிறது")
10
```

நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து. மேலே சொன்ன 147 எழுத்து வசனத்தைக் கண்ணால் எண்ணினால் 89தான் வரும். வித்தியாசம் எல்லாச் சொல்லிலும் ஒரே அளவில் இருந்தாலாவது ஒரு சூத்திரம் போட்டுக்கொள்ளலாம். அதுவும் இல்லை. "மரகதம்" கண்ணுக்கு ஐந்து, கணினிக்கு ஆறு. "கூட்டுக்குள்" கண்ணுக்கு ஆறு, கணினிக்குப் பன்னிரண்டு. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் நிறைந்த சொல் இரட்டிப்பாகும், அகர உயிர்மெய்யே நிறைந்த சொல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

அவர்களோடு வாதாடிப் பார்த்தேன். எங்கள் மென்பொருள் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு என்று முடித்துவிட்டார்கள். இரண்டு இரவு உட்கார்ந்து முழுக் கோப்பையும் திருத்தினேன். அதிலிருந்து புதிய இடத்தில் வேலை வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி கூலி இல்லை. "இருக்கிறது என்ற சொல்லை உங்கள் மென்பொருள் பத்து என்கிறதா, ஆறு என்கிறதா?" என்பதுதான். சிலர் சிரிப்பார்கள், சோதித்துப் பார்த்தபின் சிரிக்க மாட்டார்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது. "சொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வருவதைப் பார்த்திருக்கிறேன். நம் 41 எழுத்து வரி அப்படி வந்திருந்தால் 42 ஆகியிருக்கும். அதுவரை பிழைக்கும். வரியில் "கொண்டு", "போனான்", "வந்தோம்" என்று மூன்று நான்கு இருந்தால் காரணம் தெரியாமலே சிவப்பாகும். இரண்டாகக் கிடக்கும் குறியை ஒன்றாக்கிவிடும் NFC என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கோப்பை முதலிலேயே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, எந்தக் கணக்கு நியாயமானது? என்னைக் கேட்டால் இரண்டுமே முழு நியாயம் இல்லை. 42, 17 போன்ற எண்கள் ஐரோப்பிய மொழிகளின் எழுத்தை வைத்து வந்தவை. அதற்கு முன்னால் தொலைக்காட்சியில் ஆறு வினாடி விதி என்று ஒன்று இருந்தது. வரிக்கு 37 எழுத்தாக இரண்டு நிறைந்த வரிகளுக்கு ஆறு வினாடி, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு சொச்சம். இப்போது 17 என்கிறார்கள், தமிழுக்கு 20க்கு மேலும் விடுகிறவர்கள் உண்டு. குறியீட்டுக் கணக்கில் 16.7 வருகிற நம் வசனம் கண் கணக்கில் வினாடிக்குச் சரியாகப் பத்து எழுத்து. அது வசதியான வேகம். அதனால் விதி எண்ணை விட மாட்டேன், ஆனால் அதை மட்டும் நம்பவும் மாட்டேன். ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பேன். வரியைப் படித்து முடித்து நடிகையின் முகத்தை ஒரு முறை பார்க்க நேரம் கிடைத்தால் சரி. வரி மறைந்தபின் அவள் முகமே நினைவில் இல்லையென்றால், எண் பச்சையாக இருந்தாலும் வரி தோல்விதான். அதற்காக நேரத்தை அள்ளிக் கொடுக்கவும் கூடாது. ஏழு வினாடிக்கு மேல் ஒரு வரி நின்றால் கண் சும்மா இருக்காது, மறுபடி முதலிலிருந்து படிக்கும்.

அடுத்தது வரியை எங்கே உடைப்பது. அக்காவின் வசனம் இதில் தொல்லை கொடுக்கவில்லை. "சொல்லியிருந்தால்," என்ற இடத்தில் மூச்சும் நிற்கிறது, வாக்கியமும் மடிகிறது. தொல்லை கொடுத்தது அதே படத்தில் ஒரு வக்கீல் சொல்லும் எளிய வாக்கியம்:

இனிமேல் நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போக
வேண்டாம்.

மேல் வரியை 42 வரை நிரப்பு, மிச்சத்தைக் கீழே தள்ளு என்று மென்பொருளிடம் விட்டால் இப்படித்தான் செய்யும். மேல் வரி 40 எழுத்து, விதிப்படி பிழையில்லை. ஆனால் தமிழில் ஆமாம், இல்லை என்ற முடிவு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. கண் மேல் வரியைப் படித்து "போக" என்று ஒரு பக்கம் சாய்ந்த பிறகு, கீழே "வேண்டாம்" என்று தனியாக ஒரு சொல் வந்து அதைத் திருப்புகிறது. "முடியாது", "கூடாது", "இல்லை" எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முதன்மை வினையையும் துணை வினையையும் வரி பிரிக்கக் கூடாது. அதேபோல் "அவன் கொண்டுவந்த" ஒரு வரியிலும் "பெட்டி" அடுத்த வரியிலும் நிற்கக் கூடாது, "அவளுக்கு" மேலேயும் "எதிராக" கீழேயும் போகக் கூடாது. முதலில் இப்படி மாற்றினேன்:

இனிமேல் நீங்கள்
அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

மேலே சின்ன வரி, கீழே பெரிய வரி. இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும், முகத்தை மறைக்காது. ஆனால் வெட்டும் புத்தி தூங்கவில்லை. "போகாதீர்கள்" என்றால் அதற்குள்ளேயே "நீங்கள்" இருக்கிறதே. "இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள்." 41 எழுத்து, ஒரே வரி, உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. வரியை எங்கே உடைப்பது என்று ரொம்ப நேரம் யோசிக்கிறேன் என்றால், பெரும்பாலும் இன்னும் சரியாக வெட்டவில்லை என்று அர்த்தம்.

உடைப்பதற்கு நானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. இரண்டு சொல்லுக்கு நடுவே வல்லின ஒற்று மிகுந்தால் அங்கே உடைக்க மாட்டேன். "வீட்டுப் பக்கம்", "கதவைப் பூட்டி", "இப்படிப் பெட்டியோடு" என்பவற்றில் அந்தப் "ப்", இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று மொழியே கட்டிய முடிச்சு. அங்கே உடைத்தால் ஒற்று மேல் வரியின் ஓரத்தில் எதற்கென்று தெரியாமல் தொங்கும். ஒற்று இல்லாத இடமெல்லாம் உடைக்கலாம் என்று இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். "போக வேண்டாம்" நடுவே ஒற்று இல்லை.

மரியாதைக்கும் எழுத்துச் செலவு உண்டு. "நீ" இரண்டு, "நீங்கள்" ஏழு. "போனாய்" ஆறு, "போனீர்கள்" ஒன்பது. வக்கீலை ஒருமையில் பேச வைத்தால் நிறைய மிச்சமாகும், ஆனால் அவர் வக்கீலாக இருக்க மாட்டார். பேச்சு வழக்கில் எழுதினால் சுருங்குமே என்று கேட்பவர்கள் உண்டு. சுருங்கும்தான், "இருக்கு" ஏழு எழுத்து. ஆனால் அச்சில் அடிக்கடி பார்க்காத வடிவங்களில் கண் தடுக்கும், எழுத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் விட்டுவிடுவோம். இது கொடுக்கிறவர்களின் நடைவிதியைப் பொறுத்தது, நான் சண்டை போடுவதில்லை.

இனி தம்பியின் பதில். அவன் ஒரே வாக்கியம்தான் பேசுகிறான். ஆமாம் விற்றேன் என்று ஒத்துக்கொண்டு, சின்னதாக நிறுத்தி, அம்மா சொன்னதால் என்று முடிக்கிறான். ஆங்கிலத்தில் வினை முன்னாலும் காரணம் பின்னாலும் வருகிறது. "அம்மா" என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறுகிறது. தமிழில் இயல்பாக எழுதினால் "அம்மா சொன்னதால்தான் விற்றேன்" என்று வரும். நல்ல தமிழ், 30 எழுத்துகூட இல்லை. ஆனால் அதை அப்படியே போட்டால், அவன் "ஆமாம்" என்று வாயெடுக்கும்போதே திரையில் "அம்மா" வந்துவிடும். பார்வையாளருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அக்காவுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு வினாடி கழித்து அவள் முகம் மாறும்போது நாம் அதற்காகக் காத்திருப்போம். நடிகை செய்தது வீண்.

எண் பார்க்கும் எந்த மென்பொருளும் இதைச் சிவப்பில் காட்டாது. எழுத்து, வேகம், வரி மூன்றும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. இங்கே நல்லவேளையாகப் பேச்சுத் தமிழ் கைகொடுத்தது. நாம் பேசும்போது வினையை முதலில் போட்டுவிட்டுக் காரணத்தை இழுத்துச் சொல்வது சகஜம்தானே. இரண்டு சப்டைட்டிலாகப் பிரித்தேன்:

```
212
00:24:11,000 --> 00:24:15,500
நீ வீட்டை விற்றதை அன்றே சொல்லியிருந்தால்,
இப்படி வந்து நின்றிருக்க மாட்டேன்.

213
00:24:15,583 --> 00:24:17,117
ஆமாம், விற்றேன்.

214
00:24:17,200 --> 00:24:18,500
அம்மா சொன்னதால்.
```

212க்கும் 213க்கும் நடுவே இருக்கும் 83 மில்லிவினாடி, வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் இரண்டு ஃப்ரேம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது. 213இல் அவன் "விற்றேன்" என்று முடிப்பது உண்மையில் 16.8இல். அங்கேயே வரியை எடுத்துவிட்டு 17.2இல் அடுத்ததைப் போட்டால், நடுவே பத்து ஃப்ரேம்போலத் திரை வெறுமையாகி மறுபடி எழுத்து வரும், பல்பு மினுக்குவது மாதிரி. அதனால் 17.117 வரை நீட்டி அங்கும் இரண்டு ஃப்ரேம் மட்டும் விட்டேன். 214 அவன் "அம்மா" என்று சொல்லும் அதே ஃப்ரேமில் தொடங்குகிறது. இரண்டும் ஒரு வினாடிக்கு மேல் நிற்கின்றன. குறைந்தபட்சம் 20 ஃப்ரேம் என்பது விதி, அதற்கும் பிரச்சினை இல்லை.

கோப்பைச் சரிபார்த்தவர் 212க்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "மூலத்தில் பெட்டி படுக்கை இருக்கிறதே, விட்டுவிட்டீர்களா?" அந்த ஷாட்டின் நேரக்குறியை எழுதி, பெட்டி திரையில் இருக்கிறது என்று பதில் போட்டேன். ஒத்துக்கொண்டார். அடுத்த குறிப்பு படத்தின் கடைசிப் பகுதியைப் பற்றியது. அங்கே தம்பி ஊரைவிட்டே போகிறான், பேருந்து நிலையத்திலிருந்து அக்காவுக்கு ஃபோன் செய்கிறான். நான் "இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன், அக்கா" என்று எழுதியிருந்தேன். அந்தக் காட்சியை எழுதும்போது வாசல் காட்சியை எழுதிப் பத்து நாள் ஆகியிருந்தது, எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. "212இல் அக்கா என்ன சொல் சொன்னாள் என்று பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். "உடனே"யை எடுத்துவிட்டு "அன்றே" என்று போட்டேன். கண் கணக்கில் எழுத்து எண்ணிக்கை மாறவில்லை, மென்பொருள் கணக்கில் ஒன்று கூடியது.